உங்களைப் பற்றிய கடிதத்தை நீங்களே மொழிபெயர்க்காதீர்கள்

பாடசாலையில் இருந்து வீட்டுக்கு வரும் கடிதங்களில் ஒரு வகை உண்டு. இப்போது பெரும்பாலும் மின்னஞ்சலாகவோ பாடசாலை ஆப்பிலோதான் வரும். மரியாதையான ஆங்கிலத்தில் இருக்கும். "கடந்த ஆறு வாரங்களில் உங்கள் மகன் தொடர்பாகப் பதினொரு சம்பவங்கள் பதிவாகியுள்ளன. இது எங்களுக்குக் கவலையளிக்கிறது. உங்களோடு சேர்ந்து ஒரு திட்டம் தயாரிக்க விரும்புகிறோம். வியாழக்கிழமை மாலை 3.45க்கு வர முடியுமா?" ஏறத்தாழ இதுதான் உள்ளடக்கம்.

எங்கள் வீடுகள் பலவற்றில் அடுத்து நடப்பது எல்லோருக்கும் தெரியும். அம்மா போனை நீட்டுவார். "தம்பி, இதிலை என்ன எழுதியிருக்கு?" என்று கேட்பார். யாரைப் பற்றிய கடிதமோ அவரிடமே அதை மொழிபெயர்க்கும் வேலையும் வந்துவிடுகிறது. "ஒண்டுமில்லை அம்மா, பேரன்ட்ஸ் மீட்டிங்" என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். அல்லது பயந்துபோய், இருப்பதைவிடப் பெரிதாகச் சொல்லி, வீட்டையே மரண வீடாக்கிவிடலாம். வங்கிக் கடிதம், வைத்தியர் கடிதம், கவுன்சில் கடிதம் எல்லாவற்றையும் எட்டு வயதிலிருந்தே மொழிபெயர்த்துப் பழகிய பிள்ளைகள் நாங்கள். ஆனால் இந்த ஒரு கடிதத்தை நீங்கள் மொழிபெயர்க்கக் கூடாது என்பது என் கருத்து. பொய் சொல்லிவிடுவீர்கள் என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. இந்தக் கடிதம் உங்கள் பெற்றோருக்குச் சரியாக விளங்கினால் அதனால் அதிகம் நன்மை அடையப்போவது நீங்கள்தான். அது ஏன் என்று சொல்கிறேன்.

நான் எழுதுவது இங்கிலாந்துப் பாடசாலைகளைப் பற்றி. கனடா, நோர்வே, பிரான்ஸ், ஏன் பக்கத்தில் உள்ள ஸ்கொட்லாந்தில்கூடச் சட்டம் வேறு. ஆனால் கடிதத்தின் தன்மையும் அதை எப்படிக் கையாள வேண்டும் என்பதும் எங்கும் பெரிதாக மாறாது.

"தொடர்ச்சியான" என்ற ஒரு சொல்

முதலில் கடிதத்தில் "பெர்சிஸ்டென்ட்" என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். "பெர்சிஸ்டென்ட் டிஸ்ரப்டிவ் பிஹேவியர்" என்று வரும். தொடர்ச்சியாக வகுப்பைக் குழப்பும் நடத்தை என்று அர்த்தம். வாசிக்கும்போது சாதாரண முறைப்பாடு போலத்தான் தெரியும். ஆனால் அந்தச் சொல்லுக்கு ஒரு கனம் இருக்கிறது. இங்கிலாந்தில் ஒரு மாணவரைப் பாடசாலையில் இருந்து நிரந்தரமாக நீக்குவதற்கு அரசின் வழிகாட்டல் சொல்லும் காரணங்கள் இரண்டு வகை. ஒன்று, பாடசாலை விதியை மிகக் கடுமையாக மீறிய ஒரு சம்பவம். மற்றது, தொடர்ச்சியான மீறல்கள். இரண்டில் எதுவானாலும், அந்த மாணவர் தொடர்ந்து அங்கே இருந்தால் அவருக்கோ மற்றவர்களுக்கோ கல்வியிலோ நலனிலோ கடும் பாதிப்பு வரும் என்பதையும் தலைமை ஆசிரியர் காட்ட வேண்டும்.

கத்தி கொண்டுபோவது முதல் வகை. எங்கள் பிள்ளைகளில் பெரும்பாலானோர் அந்த வகையில் வருவதில்லை. இரண்டாவது வகைதான் ஆபத்து. பிந்தி வருவது, வகுப்பில் கதைப்பது, பதில் கதைப்பது, போன் வைத்திருப்பது என்று ஒவ்வொன்றும் தனித்தனியே சின்ன விஷயம்தான். ஆனால் ஒவ்வொன்றும் கணினியில் பதிவாகி ஒரு நீளமான பட்டியலாகிறது. தற்காலிக நீக்கத்துக்கும் நிரந்தர நீக்கத்துக்கும் இங்கிலாந்தில் அதிகம் பதிவாகும் காரணம் இந்தத் தொடர்ச்சியான குழப்பம்தான்.

அதனால் கூட்டுத் திட்டத்துக்கு அழைக்கும் கடிதத்தைத் தண்டனை என்று நினைக்காதீர்கள். பட்டியல் இன்னும் நீளமாகி, பேச்சுவார்த்தையின் இடத்தைச் சட்டம் பிடிப்பதற்கு முன் வரும் அழைப்பு அது. இந்தக் கட்டத்தில் எதையும் மாற்றலாம். மேசைக்கு வந்து கதைப்பதே நீங்கள் செலுத்த வேண்டிய விலை. ஒளித்துவைத்தால், அடுத்த கடிதத்தில் "இத்தனையாம் திகதி பெற்றோருக்கு அழைப்பு அனுப்பினோம், பதில் இல்லை" என்று ஒரு வரி சேரும். அந்த வரி உங்களுக்கு எதிராகவே வேலை செய்யும்.

பட்டியலைக் கேட்டு வாங்குங்கள்

"பதினொரு சம்பவங்கள்" என்று கடிதம் ஒரு எண்ணைச் சொல்லும். வீட்டில் அந்த எண்ணைக் கேட்டவுடனே சண்டை தொடங்கிவிடும். "பதினொரு தரமோ?" என்று அப்பா கத்துவார். "எல்லாம் அந்த ரீச்சர்தான், அவவுக்கு என்னைப் பிடிக்காது" என்று பிள்ளை சொல்லும். எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் எதையும் சரிசெய்ய முடியாது. அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு பதிவு இருக்கிறது. திகதி, எந்தப் பாட நேரம், எந்தப் பாடம், எந்த ஆசிரியர், என்ன நடந்தது, என்ன நடவடிக்கை எடுத்தார்கள் என்று ஒவ்வொரு சம்பவத்துக்கும் ஒரு வரி. இதை பிஹேவியர் லொக் என்பார்கள்.

கூட்டத்துக்கு இரண்டு மூன்று நாட்களுக்கு முன்பே அம்மாவோ அப்பாவோ அந்தப் பதிவின் பிரதியைக் கேட்டு ஒரு மின்னஞ்சல் போட வேண்டும். இரண்டு வரி போதும். பொதுவாகத் தந்துவிடுவார்கள். தர மறுத்தால், தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி எழுத்தில் கேட்கும் உரிமை இருக்கிறது. ஆனால் அதற்குப் பதில் தரப் பொதுவாக ஒரு மாதம் வரை எடுக்கலாம். அதனால் முதலில் அன்பாகக் கேட்பதே வேகமான வழி.

எங்கள் சொந்தத்தில் ஒன்பதாம் ஆண்டு படிக்கும் ஒரு தம்பிக்கு இந்தக் கடிதம் வந்தது. யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். அவனுடைய பெரியம்மாவின் மகள் ஒருத்தி, இங்கேயே பல்கலைக்கழகம் முடித்தவள், அந்தப் பதிவை வாங்கி மேசையில் விரித்துவைத்து, பதினொரு வரிகளையும் வகை பிரித்தாள்.

மூன்று வரிகள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வகுப்புக்குப் பிந்தி வந்தது. ஒன்று போன். ஒன்று, வகுப்புக்கு வெளியே அனுப்பப்பட்ட பின் நடைபாதையில் ஆசிரியரிடம் கத்தியது. மீதி ஆறும் வகுப்பைக் குழப்பியது. அந்த ஆறும் எந்தெந்தப் பாடங்கள் என்று பார்த்தாள். வரலாறு, ஆங்கிலம், சமயம். கணிதத்தில் ஒன்றுகூட இல்லை. விஞ்ஞானத்திலும் இல்லை. உடற்பயிற்சி ஆசிரியர் இரண்டு தரம் பாராட்டிப் புள்ளி போட்டிருந்தார்.

இந்த இடத்தில்தான் கதை மாறியது. எல்லா ஆசிரியர்களோடும் குழப்பம் செய்யும் பையன் வேறு. மூன்று பாடங்களில் மட்டும் குழப்பம் செய்யும் பையன் வேறு. "அந்த மூன்று பாடத்திலையும் என்ன நடக்கும்?" என்று அவள் அவனிடம் கேட்டாள். அவன் கனநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "வாசிக்கச் சொல்லுவினம்" என்றான்.

வெளியே அனுப்புவது யாருக்குத் தண்டனை?

நடத்தையைப் படிப்பவர்கள் மூன்று கேள்விகள் கேட்பார்கள். அதற்கு முன்பு என்ன நடந்தது? அவர் என்ன செய்தார்? அதற்குப் பிறகு என்ன கிடைத்தது? பெரும்பாலான வீடுகளிலும் பாடசாலைகளிலும் நடுக்கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள். என்ன செய்தான், எத்தனை தரம் செய்தான், எவ்வளவு மோசமாகச் செய்தான் என்று அதையே சுற்றிச் சுற்றிக் கேட்பார்கள். ஆனால் ஒரு செயல் திரும்பத் திரும்ப நடக்கிறதென்றால் அதற்கான விடை மூன்றாவது கேள்வியில் இருக்க வாய்ப்பு அதிகம். அதனால் ஏதோ ஒன்று கிடைக்கிறது. அதனால்தான் அது திரும்ப வருகிறது.

அந்தத் தம்பியின் ஆறு வரிகளிலும் கடைசிப் பகுதியில் ஒரே சொற்கள்தான் இருந்தன. "வகுப்புக்கு வெளியே அனுப்பப்பட்டார்." ஆசிரியர் ஒவ்வொருவராகச் சத்தமாக வாசிக்கச் சொல்கிறார். இவனுடைய முறை வரப்போகிறது. இவன் ஒரு பகிடி விடுகிறான், பக்கத்துப் பையனைத் தட்டுகிறான், கதிரையைப் பின்னால் சாய்க்கிறான். ஆசிரியர் எச்சரிக்கிறார். இவன் பதில் கதைக்கிறான். வெளியே போகச் சொல்கிறார். இவன் வாசிக்கத் தேவையில்லை. ஆசிரியர் கொடுத்த தண்டனைதான் அவனுக்கு வேண்டிய பரிசு. முப்பது பிள்ளைகள் முன்னால் திக்கித் திக்கி வாசிப்பதைவிட முரடன் என்று பெயர் எடுப்பது பதின்மூன்று வயதில் எவ்வளவோ மேல்.

இது ஏன் அதுவரை யாருக்கும் தெரியவில்லை? அவன் பேசும் ஆங்கிலத்தில் எந்தக் குறையும் இல்லை. இங்கே பிறந்தவன். நகைச்சுவையாகக் கதைப்பான். அதனால் வாசிப்பில் சிக்கல் இருக்கும் என்று ஆசிரியர்கள் நினைக்கவில்லை. வீட்டிலோ, அம்மாவுக்கு ஆங்கில வாசிப்பு பெரிதாகத் தெரியாததால், சின்ன வயதில் அவன் வாசிப்பதைப் பக்கத்தில் இருந்து கேட்டுத் திருத்த ஆள் இருக்கவில்லை. தமிழ் வகுப்பில் தடுமாறியபோது "இங்கை பிறந்த பிள்ளைதானே" என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். இரண்டு மொழி பேசும் பிள்ளைகளிடம் இப்படி நடப்பதற்கு இடம் அதிகம். ஆங்கிலப் பக்கத்தில் பார்ப்பவர் மற்ற மொழியைக் காரணம் சொல்வார். தமிழ்ப் பக்கத்தில் பார்ப்பவர் ஆங்கிலத்தைக் காரணம் சொல்வார். வாசிப்பிலேயே ஒரு சிக்கல் இருக்கலாம் என்பது இரண்டு பேருக்கும் நடுவில் விழுந்துவிடும்.

எல்லாக் கடிதத்துக்கும் பின்னால் இப்படி ஒரு காரணம் ஒளிந்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. சில பேருக்குப் பக்கத்தில் இருக்கும் நண்பன்தான் காரணம். சில பேருக்கு இரவு இரண்டு மணிவரை போன். சிலருக்கு ஒரு ஆசிரியரோடு உண்மையாகவே ஒத்துவராது. சிலர் நிறவெறிச் சொல்லைக் கேட்டுத் திரும்ப அடித்திருப்பார்கள். பதிவில் அந்த அடி மட்டும் இருக்கும், சொல் இருக்காது. எது என்று கண்டுபிடிக்கத்தான் பட்டியல் வேண்டும். ஒரே ஆசிரியர், ஒரே பாட நேரம், ஒரே இடம், ஒரே ஆள் என்று ஏதாவது ஒன்று திரும்பத் திரும்ப வருகிறதா என்று பாருங்கள். "ரீச்சருக்கு என்னைப் பிடிக்காது" என்பதையும் பட்டியலிலேயே சோதிக்கலாம். பதினொன்றில் ஒன்பது ஒரே ஆசிரியர் எழுதியது என்றால் அதைக் கூட்டத்தில் கேட்க வேண்டும். ஏழு ஆசிரியர்கள் எழுதியது என்றால் அந்த வாதத்தை வீட்டிலேயே விட்டுவிடுவது நல்லது.

மூன்று பத்தி இல்லாவிட்டால் அது கூட்டுத் திட்டம் இல்லை

எங்கள் பெற்றோர் பாடசாலைக் கூட்டத்துக்குப் போனால் பெரும்பாலும் மன்னிப்புக் கேட்கத்தான் போவார்கள். ஊரில் அதிபர் கூப்பிட்டால் கைகட்டி நிற்பது வழக்கம். இங்கேயும் அதே பழக்கத்தில், "சொறி சேர், நாங்கள் பார்த்துக்கொள்ளுறம்" என்று சொல்லி, நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவார்கள். வீட்டுக்கு வந்ததும் போனைப் பறிப்பார்கள். ட்யூஷனைக் கூட்டுவார்கள். அதோடு முடிந்தது. மூன்று வாரத்தில் பன்னிரண்டாவது சம்பவம் பதிவாகும்.

கடிதம் கேட்டது மன்னிப்பை இல்லை. "சேர்ந்து ஒரு திட்டம்" என்று கேட்டிருக்கிறது. இதைப் பல பாடசாலைகள் பாஸ்டரல் சப்போர்ட் பிளான் என்று சொல்லும். அந்தத் தாளில் நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான். மாணவர் செய்ய வேண்டியது, வீடு செய்ய வேண்டியது, பாடசாலை செய்ய வேண்டியது என்று மூன்று பகுதியும் இருக்கிறதா? "நான் வகுப்பில் மரியாதையாக நடப்பேன், நேரத்துக்கு வருவேன், ஆசிரியர் சொல்வதைக் கேட்பேன்" என்று பத்து வாக்குறுதிகள் மாணவர் பக்கத்தில் இருந்து, பாடசாலையின் பக்கத்தில் "கண்காணிப்போம்" என்று மட்டும் இருந்தால் அது திட்டம் இல்லை. இன்னொரு எச்சரிக்கைக் கடிதம்தான்.

அந்தத் தம்பியின் கூட்டத்துக்கு அம்மாவோடு அந்த அக்காவும் போனாள். மொழிபெயர்த்தது அவள்தான். மாணவனும் இருந்தான், ஆனால் தன் சார்பில் பேச மட்டும். அங்கே முடிவானது இவ்வளவுதான்.

பாடசாலைப் பக்கம்: யாரும் அவனை முன்னறிவிப்பு இல்லாமல் சத்தமாக வாசிக்கச் சொல்வதில்லை. வாசிக்க வேண்டுமென்றால் எந்தப் பந்தி என்று முதல் நாளே சொல்லிவிடுவார்கள். இரண்டு வாரத்துக்குள் அவனுடைய வாசிப்பைச் சோதிப்பார்கள். அந்தப் பொறுப்பு சென்கோவுக்கு. சென்கோ என்பவர் கற்றலில் விசேட உதவி தேவைப்படும் மாணவர்களுக்குப் பொறுப்பான ஆசிரியர். திங்கள் காலையும் வெள்ளி மதியமும் பத்து நிமிடம் அவனைச் சந்திக்க ஒரு குறிப்பிட்ட ஆசிரியர்.

மாணவன் பக்கம் இரண்டே இரண்டு. சாப்பாட்டு மணி முடிந்ததும் நேரே வகுப்புக்கு வருவது. வகுப்பில் இருக்க முடியாத நிலை வந்தால், பகிடி தொடங்குவதற்கு முன், மேசையில் ஒரு அட்டையை வைத்துவிட்டு ஐந்து நிமிடம் வெளியே நின்று திரும்பி வருவது.

வீட்டுப் பக்கம்: ஒவ்வொரு சின்னப் பதிவுக்கும் தனித் தண்டனை கொடுப்பதில்லை. பாடசாலை கொடுத்தது போதும். இரவு பத்து மணிக்குப் போன் குசினியில் இருக்கும். வெள்ளிக்கிழமை அம்மா அந்த ஆசிரியருக்கு ஒரு மின்னஞ்சல் போடுவார், அல்லது அக்கா போடுவாள்.

ஆறு வாரம். மூன்றாம் வாரம் ஒரு சின்னச் சந்திப்பு, ஆறாம் வாரம் முழு மீளாய்வு. அளவுகோல் ஒன்றுதான்: முந்திய ஆறு வாரத்தில் பதினொன்று, அடுத்த ஆறு வாரத்தில் எத்தனை?

"நடத்தையைத் திருத்துவது" என்பதை யாராலும் எண்ண முடியாது. சாப்பாட்டுக்குப் பிறகு நேரத்துக்கு வந்த நாட்களை எண்ணலாம். எண்ண முடியாத இலக்கில் மாணவர் வெல்லவே முடியாது. எவ்வளவு நன்றாக இருந்தாலும் "இன்னும் போதாது" என்று சொல்லிவிடலாம். பத்து இலக்கு எழுதிய தாளும் அப்படித்தான். எதிலாவது ஒன்றில் தவறத்தான் போகிறீர்கள்.

ஆறாம் வாரம்

அதிசயம் ஒன்றும் நடக்கவில்லை. பதினொன்று நான்கானது. இரண்டு பிந்தி வந்தது, ஒன்று போன். நான்காவதுதான் முக்கியம். வரலாற்று ஆசிரியர் சுகமில்லாமல் வராத நாளில் பதிலுக்கு வேறொருவர் வந்தார். அவருக்குத் திட்டத்தைப் பற்றி எதுவும் தெரியாது. "நீ வாசி" என்றார். அட்டையை வைத்தான். "இது என்ன விளையாட்டு?" என்று கேட்டார். பிறகு பழைய கதைதான்.

இப்படியான திட்டங்கள் உடைவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். கூட்டத்தில் இருந்த இரண்டு ஆசிரியர்களுக்குத் தெரியும். வகுப்பில் நிற்கும் பத்துப் பேருக்குத் தெரியாது. அதனால் "இதை எல்லா ஆசிரியர்களுக்கும், பதில் ஆசிரியர்களுக்கும் எப்படித் தெரியப்படுத்துவீர்கள்?" என்ற கேள்வியைக் கூட்டத்திலேயே கேட்டு, பதிலைத் தாளில் எழுதவைக்க வேண்டும். மீளாய்வில் அதை எழுதினார்கள். அந்த நான்காவது சம்பவத்தை அவனுடைய தவறாக எண்ணுவதில்லை என்றும் ஒத்துக்கொண்டார்கள்.

வாசிப்புச் சோதனையில் அவனுடைய வேகம் வயதுக்கு மிகக் கீழே இருந்தது. டிஸ்லெக்ஸியா என்று யாரும் அப்போது சொல்லவில்லை. முதல் கட்டச் சோதனை அதைச் சொல்லாது, அதற்குத் தனி மதிப்பீடு வேண்டும். ஆனால் பெயர் வரும்வரை உதவிக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. இங்கிலாந்தில் உதவி தேவையை வைத்துத்தான் தொடங்க வேண்டும். வாரம் இரண்டு தரம் சிறு குழுவில் வாசிப்பு வகுப்பு தொடங்கியது.

கையெழுத்துக்கு முன்

இன்னொரு பக்கத்தையும் சொல்லாமல் விட முடியாது. இந்தத் தாள் உதவிக்காக எழுதப்படுகிறது என்பது உண்மை. பின்னொரு நாள் நீக்கம் வந்தால், "நாங்கள் இவ்வளவு உதவி செய்தோம், பயனில்லை" என்று காட்டுவதற்கும் இதே தாள்தான் வரும் என்பதும் உண்மை. அதனால்தான் பாடசாலைப் பகுதியில் என்ன எழுதியிருக்கிறது, அது நடந்ததா இல்லையா என்பது உங்களுக்கு இவ்வளவு முக்கியம். அம்மாவின் வெள்ளிக்கிழமை மின்னஞ்சல் வெறும் நன்றி சொல்ல மட்டும் இல்லை. "வாசிப்புச் சோதனை நடந்துவிட்டதா?" என்று அது கேட்கும். கேட்டதும் பதிலும் திகதியோடு பதிவாக இருக்கும்.

கூட்டத்தில் மூன்று சொற்றொடர்கள் வந்தால் அந்த இடத்திலேயே சம்மதிக்காமல் "வீட்டுக்குப் போய் யோசித்துச் சொல்கிறோம்" என்று அம்மா சொல்லலாம். ஒன்று, மனேஜ்ட் மூவ். வேறு பாடசாலைக்கு மாற்றுவது. அது பெற்றோர் விருப்பத்தோடு மட்டுமே நடக்கலாம், "சம்மதிக்காவிட்டால் நீக்குவோம்" என்று நெருக்கக் கூடாது. இரண்டு, பேரன்டிங் கொன்ட்ராக்ட். அதுவும் விருப்பத்தின் பேரில்தான், கையெழுத்துப் போடாதது குற்றம் இல்லை. ஆனால் பிறகு விஷயம் நீதிமன்றம்வரை போனால் ஏன் மறுத்தீர்கள் என்று பார்ப்பார்கள். அதனால் ஆலோசனை கேட்டுவிட்டு முடிவெடுக்க வேண்டும். மூன்று, "இன்றைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், அமைதியாகட்டும், பதிவில் போடமாட்டோம்." கேட்க நல்ல மனசு போல இருக்கும். ஆனால் நடத்தைக்காக ஒரு மாணவரை வீட்டுக்கு அனுப்பினால் அது முறைப்படி பதிவாக வேண்டும். பெற்றோர் சம்மதித்தாலும் பதிவில்லாமல் அனுப்புவது சட்டத்துக்கு மாறானது. பதிவிருந்தால் எத்தனை நாள், என்ன காரணம் என்று எழுத்தில் வரும். ஒரு கல்வியாண்டில் மொத்தம் 45 பாடசாலை நாட்களுக்கு மேல் தற்காலிக நீக்கம் செய்ய முடியாது என்ற எல்லையும் அந்தப் பதிவு இருந்தால்தான் வேலை செய்யும். ஒரு தவணையில் 15 நாட்களைத் தாண்டினால் கவர்னர்கள் எனப்படும் நிர்வாகக் குழு கூடி அதைப் பரிசீலிக்க வேண்டும். பதிவில்லாமல் வீட்டில் இருந்த நாட்களை யார் எண்ணுவார்கள்?

அப்படியென்றால் யார் மொழிபெயர்ப்பது?

பதினெட்டு வயது தாண்டிய ஒருவர், உங்கள் பக்கமும் இல்லாத, பாடசாலைப் பக்கமும் இல்லாத ஒருவர். மச்சாள், பெரியம்மாவின் மகள், அப்பாவோடு வேலை செய்யும் ஒருவர். அப்படி யாரும் இல்லையென்றால் பாடசாலையிடம் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். எல்லாக் கூட்டத்துக்கும் தரவேண்டிய கட்டாயம் இல்லை என்றாலும், தமிழர் கூடுதலாக வாழும் இடங்களில் தமிழ் பேசும் உதவி ஆசிரியர் ஒருவராவது இருக்க வாய்ப்புண்டு. தற்காலிக நீக்கக் கடிதம் என்றால், ஆங்கிலம் தாய்மொழி இல்லாத பெற்றோருக்கு அது விளங்கியதா என்று பார்க்க, முடிந்தால் மொழிபெயர்த்துத் தரவும் யோசிக்க வேண்டும் என்று அரசின் வழிகாட்டலே சொல்கிறது.

சொந்தக்காரருக்குத் தெரிந்தால் மானம் போய்விடும் என்று அம்மா தயங்குவார். அந்தப் பயத்தை நான் சின்னதாக எடுக்கவில்லை. ஆனால் ஒரு ஆளுக்குச் சொல்வது வேறு, ஊருக்கே தெரிவது வேறு. பதினொரு வரியும் நாற்பது வரியாகி நீக்கத்தில் போய் முடிந்தால் அதை யாராலும் மறைக்க முடியாது.

நீங்கள் மொழிபெயர்க்காவிட்டால் உங்களுக்கு வேறு ஒரு வேலை இருக்கிறது. மொழிபெயர்ப்பவர் தன் கருத்தைச் சொல்ல முடியாது. அம்மா சொன்னதையும் ஆசிரியர் சொன்னதையும் மாறி மாறிச் சொல்லி முடிக்கும்போது, அந்த அறையில் உங்கள் பக்கத்தைச் சொல்ல ஆள் இருக்காது. அந்தத் தம்பி "வாசிக்கச் சொல்லுவினம்" என்ற இரண்டு சொற்களைச் சொல்லியிருக்காவிட்டால், பதிவை எத்தனை தரம் விரித்திருந்தாலும் யாருக்கும் எதுவும் விளங்கியிருக்காது. கூட்டத்துக்குப் போவதற்கு முன் ஒரு தாளில் மூன்று வரி எழுதிக்கொண்டு போங்கள். எந்த நேரத்தில் எனக்குக் கஷ்டம், அப்போது என்ன நடக்கிறது, எது இருந்தால் கொஞ்சம் சுலபமாக இருக்கும். வாய் வராவிட்டால் தாளை நீட்டுங்கள். வாசிக்க வேண்டியவர்கள் வாசிக்கட்டும்.